திறந்த வாய், அடைத்த காது: ஐந்து வயதுச் சிறுமியின் அடினாய்டை எப்போது எடுப்பது? ஒரு நிகழ்வு ஆய்வு

சிறுமிக்கு வயது ஐந்து ஆண்டு நான்கு மாதம். பெற்றோர் கையில் ஒரு எக்ஸ்ரே படத்தோடு வந்தார்கள். மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை பெரிதாக இருக்கிறது, சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்று முதலில் பார்த்த இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். "எடுத்தே ஆகணுமா டாக்டர், இல்ல வளர வளரத் தானா சரியாயிடுமா?" என்பதுதான் அவர்கள் கேட்டது.

அந்தக் கேள்விக்கு அந்தப் படத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. பதில் எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் சிறுமி தனி ஒரு குழந்தை அல்ல. அடையாளம் தெரியாமல் இருப்பதற்காகப் பல குழந்தைகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அளவுகள் எல்லாம் இந்த வயதில் நாங்கள் வழக்கமாகக் காண்பவை.

பெற்றோர் சொன்னவை

ஏழெட்டு மாதங்களாக இரவில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். தினமும் குறட்டை. தலையணை நனைகிறது. காலையில் எழும்போது உதடு காய்ந்து கிடக்கிறது. பகலிலும் படம் பார்க்கும்போதும் எழுதும்போதும் வாய் திறந்தே இருக்கிறது. மூக்கில் எப்போதும் சளி இருப்பதுபோல் இருக்கிறது, ஆனால் சிந்தச் சொன்னால் ஒன்றும் வருவதில்லை.

காதைப் பற்றி அவர்கள் முதலில் எதுவுமே சொல்லவில்லை. நான் கேட்டபோதுதான் தாய் சொன்னார்: "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. அடம்னு நெனச்சோம்." பள்ளியில் ஆசிரியர், கவனம் சிதறுகிறது என்று சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். காதுவலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. செவிப்பறைச் சவ்வுக்குப் பின்னால் நீர் தேங்கும் நோயில் வலி பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் இது மாதக்கணக்கில் பிடிபடாமல் போகிறது. குழந்தையும் "எனக்குக் காது கேட்கவில்லை" என்று சொல்வதில்லை. மெல்ல மெல்லக் குறைந்த ஒலியே உலகத்தின் இயல்பான ஒலி என்று அது பழகிவிடுகிறது.

தூக்கத்தைப் பற்றித் தனியாக விசாரித்தேன். குறட்டை என்ற சொல்லுக்குள் சாதாரணமானதும் இருக்கிறது, ஆபத்தானதும் இருக்கிறது. குறட்டையின் நடுவே மூச்சு நின்று, பிறகு ஒரு திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா? கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குகிறாளா? படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோய், திரும்ப வந்திருக்கிறதா? எடை ஏறாமல் நிற்கிறதா? தந்தை கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். சத்தமான குறட்டை, திறந்த வாய், ஆனால் மார்பு ஏறி இறங்குவதில் இடைவெளி இல்லை. எடையும் உயரமும் வயதுக்கு ஏற்ற அளவில் இருந்தன. இப்படி ஒரு காணொளியை, நல்ல தூக்கத்தில், மேல்சட்டை விலக்கி மார்பு தெரியும்படி எடுத்து வரும் பெற்றோர் மருத்துவருக்குப் பெரிய உதவி செய்கிறார்கள்.

அந்தச் சதை அங்கே ஏன் இருக்கிறது

மூக்கின் பின்வாசல் முடிந்து தொண்டை தொடங்கும் இடத்தில், அண்ணத்துக்கு மேலே, கூரையிலும் பின்சுவரிலும் ஒட்டியிருக்கும் நிணநீர்த் திசுதான் அடினாய்டு. வாயைத் திறந்தால் தெரியும் டான்சிலுக்கு இது உறவு. ஆனால் இது அண்ணத்தின் மறைவில் இருப்பதால் வாய்வழியாகப் பார்த்தால் தெரியாது. பிறவியிலேயே எல்லாருக்கும் உண்டு. சுவாசத்தில் வரும் கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும் வேலை அதற்கு. ஏறத்தாழ மூன்று வயது முதல் ஏழு வயது வரை அது பெரிதாக இருக்கும். அதே வயதில் அந்த இடத்தின் எலும்புக் கூடு இன்னும் சிறியது. பிறகு கூடு வளரும், சதை சுருங்கும், பதின்ம வயதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்தச் சதைக்கு இரு பக்கமும் காதுக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாயின் வாய்கள் இருக்கின்றன. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தக் குழாய் திறந்து, செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காதுக்குக் காற்றை அனுப்புகிறது. குழந்தைகளில் அது குட்டையாகவும் ஏறத்தாழக் கிடைமட்டமாகவும் இருப்பதால் எளிதில் செயலிழக்கும். காற்று போகாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றைத் திசு உறிஞ்சிக்கொள்ளும். வெற்றழுத்தம் உண்டாகிச் செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். பிறகு உட்தோலிலிருந்து நீர் கசியும். நாளாக ஆக அந்த நீர் கெட்டியாகிப் பசைபோல ஆகும். தோலில் விரலை வைத்து அழுத்திய தபேலாவைத் தட்டினால் எப்படி ஒலி மங்குமோ, அப்படித்தான் இந்தச் செவிப்பறையும் அதிராமல் மங்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சதை பெரிதாகிக் குழாயின் வாயை அடைப்பதால் மட்டும் காதில் நீர் சேர்கிறது, ஆகவே சதை எவ்வளவு பெரிதோ அவ்வளவு காதுக்குக் கேடு என்று பலர் நினைக்கிறார்கள். அடைப்பு ஒரு காரணம்தான். ஆனால் அடினாய்டின் மடிப்புகளில் கிருமிகள் படலமாக ஒட்டி வாழ்கின்றன. குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒரு அழற்சி இருந்துகொண்டிருப்பது அளவைவிட முக்கியமாகலாம். 1987இல் அமெரிக்காவில் கேட்ஸும் அவருடைய குழுவினரும் நான்கு முதல் எட்டு வயது வரையான, நடுக்காதில் நீர் தங்கிய குழந்தைகளிடம் செய்த ஆய்வில், அடினாய்டை எடுத்ததால் கிடைத்த பலன் அதன் அளவைப் பொறுத்து மாறவில்லை. பெரிய சதை உள்ளவருக்கும் சிறிய சதை உள்ளவருக்கும் காதுக்கான பலன் ஒரே மாதிரி இருந்தது. எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக் காதுக்காக முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரான காரணம் தேவையில்லை.

பரிசோதனை

மூக்கின் கீழே குளிர்ந்த உலோகத் தகடு ஒன்றைப் பிடித்தேன். நன்றாக மூச்சுவிடும் மூக்கு அதில் இரண்டு பனிப்படலங்களை உண்டாக்கும். இவளுக்குச் சிறு புள்ளிபோல ஒன்று வந்தது. "மணி மாமா" என்று சொல்லச் சொன்னேன். "பணி பாபா" என்பதற்குப் பக்கத்தில் வந்தது. மூக்கு வழியாக ஒலி போகாவிட்டால் மகரம் பகரமாக மாறும். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை இது.

மூக்கினுள் கீழ்ச் சதைமடிப்புகள் வெளிறி வீங்கியிருந்தன. தும்மலும் மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கமும் இருந்தன. அதாவது ஒவ்வாமையும் சேர்ந்திருக்கிறது. டான்சில்கள் சிறியவை. அண்ணத்தை நிதானமாகப் பார்த்தேன். உள்நாக்கு ஒன்றாக இருக்கிறதா, இரண்டாகப் பிளந்திருக்கிறதா, நடுக்கோட்டில் நீலமாகத் தெரியும் மெல்லிய பட்டை இருக்கிறதா, வன்அண்ணத்தின் பின்விளிம்பில் விரல்பட ஒரு பள்ளம் தெரிகிறதா என்பவை இங்கே கேள்விகள். தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் அண்ணப் பிளவு உள்ள குழந்தைக்கு அடினாய்டுதான் பேசும்போது மூக்கையும் வாயையும் பிரிக்க உதவிக்கொண்டிருக்கும். அங்கே அதை முழுவதும் எடுத்துவிட்டால் பேச்செல்லாம் மூக்கு வழியாக வழியும், பாலும் தண்ணீரும் மூக்கில் ஏறும். அறுவை சிகிச்சைக்கு முன் தவறவிடக்கூடாத சோதனை இது ஒன்றுதான் என்றாலும் மிகையாகாது. இவளுக்கு அண்ணத்தில் பிளவு இல்லை. ஆனால் மேல் அண்ணம் உயர்ந்து குறுகியிருந்தது.

காதுகளில் செவிப்பறை மங்கிய தேன் நிறத்தில், உள்ளே இழுபட்டு இருந்தது. இடப்பக்கம் ஒரு நீர்மட்டக் கோடு தெரிந்தது. டிம்பனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனையில் இரு காதிலும் கோடு தட்டையாக வந்தது. இதை B வகை என்பார்கள். கோடு தட்டையாக வருவதற்குக் காது அழுக்கும் காரணமாகலாம், சவ்வில் ஓட்டையும் காரணமாகலாம். ஆகவே காதுக் குழாயின் கொள்ளளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவளுக்கு அது இயல்பு அளவில் இருந்தது. ஆகவே செவிப்பறைக்குப் பின்னால் இருப்பது நீர்தான்.

கேட்புச் சோதனையில் வலது காது 35 டெசிபல், இடது காது 30 டெசிபல். எலும்பு வழிக் கேட்பு இயல்பாகவே இருந்ததால் நரம்பு நன்றாக இருக்கிறது, ஒலி வழியில்தான் தடை என்பது உறுதி. ஐந்து வயதுக் குழந்தை 20 டெசிபலுக்குள் கேட்க வேண்டும். 35 டெசிபல் இழப்பு என்பது காது செவிடு அல்ல. பக்கத்தில் நின்று பேசுவது கேட்கும். வகுப்பறையின் பின்வரிசையில், மின்விசிறியும் மற்றப் பிள்ளைகளின் பேச்சும் இருக்கும்போது, சொல்லின் மெல்லிய ஒலிகள் போய்விடும். குழந்தை ஊகித்துக்கொள்ளும். ஊகித்து ஊகித்துக் களைத்துப்போய் வெளியே பார்க்கத் தொடங்கும். அதுதான் ஆசிரியர் சொன்ன கவனச் சிதறல்.

எக்ஸ்ரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்தின் பக்கவாட்டுப் படத்தில் அடினாய்டுக்கும் அந்த இடத்தின் மொத்த அகலத்துக்கும் உள்ள விகிதத்தை அளப்பார்கள். 1979இல் புஜியோகா குழுவினர் விவரித்த முறை அது. 0.8ஐத் தாண்டினால் பெரிது என்பது வழக்கம். ஆனால் குழந்தை அழுதுகொண்டோ விழுங்கிக்கொண்டோ இருக்கும்போது எடுத்தால் மென்அண்ணம் மேலே எழும்பி வழி குறுகியதுபோலத் தெரியும். இவளுடைய படத்தில் வாய் அகலத் திறந்திருந்தது, அழுதிருக்கிறாள். அதனால் மூக்கில் மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தேன். மரப்பு மருந்துப் பஞ்சு வைத்து, தாய் மடியில் வைத்தால் இந்த வயதில் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். அடினாய்டு பின்வாசலில் ஏறத்தாழ முக்கால் பங்கை மறைத்திருந்தது. இரு பக்கமும் குழாயின் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு வேளை படம் சொன்னது சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் இப்போது தெரிந்தது அதைவிடத் தெளிவு.

ஏன் அன்றே அறுவை சிகிச்சை செய்யவில்லை

இது பெற்றோருக்கு மிகவும் குழப்பமாக இருக்கும் இடம். நடுக்காதில் நீர், கேட்பு குறைவு, பெரிய சதை, எல்லாம் கண்முன் இருக்கின்றன. பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்?

ஏனென்றால் நடுக்காது நீரில் பெரும்பாலானவை தாமாகவே வற்றிவிடுகின்றன. ஒரு சளிக்குப் பிறகு சேரும் நீர் பலருக்கு மூன்று மாதத்துக்குள் போய்விடும். இவளுக்குக் காதில் நீர் எப்போது சேர்ந்தது என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. நாங்கள் கண்ட நாள்தான் முதல் நாள். ஆகவே மூன்று மாதம் என்ற கடிகாரம் அன்றுதான் ஓடத் தொடங்குகிறது. அதோடு மூக்கில் ஒவ்வாமை இருந்தது. அதைச் சரிசெய்யாமல் சதையை எடுத்தால் மூக்கடைப்பு பாதி அப்படியே நிற்கும். அறுவை செய்தும் வாய் மூடவில்லை என்று பெற்றோர் மனம் நொந்து வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

மூன்று மாதம் சும்மா இருப்பதும் அல்ல. மொமெட்டசோன் ஸ்டிராய்டு மூக்குத் தெளிப்பானை ஒவ்வொரு நாசியிலும் தினம் ஒரு தெளிப்பு, அதாவது 50 மைக்ரோகிராம் என்று தொடங்கினோம். நுனியை நடுச்சுவரிலிருந்து விலக்கி, கண்ணின் வெளிக்கோடியை நோக்கிச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தோம். இல்லாவிட்டால் நடுச்சுவரில் புண்ணாகி இரத்தம் வரும். இந்த மருந்து ஒவ்வாமைக்கும் சதையால் வரும் மூக்கடைப்புக்கும் ஓரளவு உதவும். காதில் உள்ள நீரை அது வற்றவைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது, அதைப் பெற்றோரிடம் அன்றே சொல்லிவிட்டேன். மூக்கைக் கழுவ உப்புநீர். ஒரு நாசியால் ஊதிப் பெருக்கும் சிறிய பலூன் கருவியை நாளுக்கு மூன்று முறை. நான்கு வயதுக்கு மேற்பட்ட, சொன்னதைச் செய்யும் குழந்தைகளுக்கு அது சிறிதளவு பலன் தரும், கெடுதல் இல்லை. வகுப்பில் முன்வரிசை, ஆசிரியருக்கு எதிரே. வீட்டில் முகத்தைப் பார்த்துப் பேசுவது.

கொடுக்காதவையும் முக்கியம். ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை, ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தும் மூக்கடைப்பு நீக்கிகளும் காது நீருக்காகக் கொடுக்கவில்லை, வாய்வழி ஸ்டிராய்டும் இல்லை. இவற்றால் இந்த நீர் நிலையாகக் குறைவதாக நிரூபணம் இல்லை. பக்கவிளைவு மட்டும் மிஞ்சும்.

இந்தக் காத்திருப்பு எல்லாருக்கும் பொருந்தாது. தூக்கத்தில் மூச்சு நிற்கும் குழந்தை, செவிப்பறை ஆழமாக உள்ளிழுத்துச் சிதையத் தொடங்கிய குழந்தை, ஏற்கனவே நரம்புச் செவிட்டுத்தன்மையோ பேச்சுத் தாமதமோ டவுன் நோய்க்குறியோ உள்ள குழந்தை ஆகியோருக்கு மூன்று மாதம் ஒரு விலையுள்ள காலம். அங்கே முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். ஒரே ஒரு நாசியில் நாற்றமான சளி என்றால் உள்ளே ஏதோ பொருள் சிக்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்க மூக்கடைப்போடு இரத்தக்கசிவு என்றால் அது அடினாய்டு அல்ல என்ற சந்தேகத்தோடுதான் தொடங்க வேண்டும். அங்கே இரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி இருக்கலாம், அதிலிருந்து சதை வெட்டிப் பார்ப்பது ஆபத்து.

மூன்று மாதத்துக்குப் பிறகு

தும்மல் நின்றது. மூக்கின் சதைமடிப்புகள் வடிந்திருந்தன. குறட்டை சற்றுக் குறைந்தது, போகவில்லை. பகலிலும் வாய் திறந்தே இருந்தது. எண்டோஸ்கோப்பில் சதை அப்படியே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரு காதிலும் கோடு மீண்டும் தட்டை. கேட்பு இரு பக்கமும் 35 டெசிபல்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. மூன்று மாதமாகப் போகாத நீர், இரு காதிலும் கேட்பு இழப்பு, அது பள்ளியில் அவளைப் பாதிக்கிறது, மூக்கிலும் மருந்துக்கு அடங்காத அடைப்பு, வயதும் நான்கைத் தாண்டிவிட்டது. இவை ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அடினாய்டை எடுக்கலாம் என்றேன். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

வயது ஏன் முக்கியம் என்று தந்தை கேட்டார். நான்கு வயதுக்குக் கீழே காது நீருக்காக மட்டும் அடினாய்டை எடுப்பதால் கிடைக்கும் பலன் குறைவு. அந்த வயதில் காதுச் சவ்வில் சிறு குழாய், அதாவது கிராமெட் வைப்பதே முதல் வழி. அடினாய்டைத் தொடுவது மூக்கடைப்பு, தூக்க மூச்சுத்தடை, தொடர்ந்த அடினாய்டு அழற்சி போன்ற தனிக் காரணம் இருந்தால் மட்டும். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் கழகத்தின் 2016 வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. நான்குக்கு மேல் கிராமெட்டோ, அடினாய்டு நீக்கமோ, இரண்டுமோ செய்யலாம். இங்கிலாந்தின் 2023 வழிகாட்டுதல் கிராமெட் வைக்கத் திட்டமிடும்போது, அண்ணக் குறை இல்லாவிட்டால், அடினாய்டு நீக்கத்தையும் சேர்த்துப் பரிசீலிக்கச் சொல்கிறது.

இதே வாரங்களில் வந்த இன்னொரு குழந்தையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வயது மூன்றுக்குச் சற்றுக் குறைவு. எக்ஸ்ரே இவளுடையதைவிடப் பெரிய சதையைக் காட்டியது. காதிலும் நீர். ஆனால் வாயை மூடித் தூங்கினான், சளி பிடித்தபோது மட்டும் குறட்டை. மூன்று மாதத்தில் காது தானாகத் தெளிந்தது. அவனுக்கு எதையும் எடுக்கவில்லை.

ஏன் இரண்டும் சேர்த்து

இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. கிராமெட் கேட்பை உடனே திருப்பித் தரும், ஆனால் செவிப்பறை அதைத் தானே வெளியே தள்ளிவிடும், பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டுக்குள். அதன்பின் நீர் மீண்டும் சேரலாம். அடினாய்டு நீக்கம் உடனடியாகக் காதுக்கு அதிகம் செய்யாது, ஆனால் நீர் திரும்பி வருவதைக் குறைக்கிறது. 2012இல் முடிவு வெளியிட்ட இங்கிலாந்தின் டார்கெட் ஆய்வில் கிராமெட் மட்டும் வைத்தவர்களுக்குக் கேட்பில் இருந்த ஆதாயம் முதல் ஆண்டிலேயே தேய்ந்துவிட்டது. அடினாய்டையும் எடுத்தவர்களுக்கு அது இரண்டாம் ஆண்டிலும் நீடித்தது. இவளுக்கு மூக்குக்காகவும் எடுக்க வேண்டியிருந்ததால் முடிவு எளிதாயிற்று.

டான்சிலை விட்டுவிட்டோம். அவை சிறியவை, தூக்கத்தில் மூச்சு நிற்கும் அறிகுறி இல்லை. கடுமையான தூக்க மூச்சுத்தடையும் பெரிய டான்சிலும் இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்திருப்போம்.

தாய்க்கு இன்னொரு கவலை. "எதிர்ப்புச் சக்தி போயிடுமா?" உடலில் இதே வேலையைச் செய்யும் திசு தொண்டையிலும் குடலிலும் இன்னும் நிறைய இருக்கிறது, நோய் வரும் அளவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் 2018இல் டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஒரு பெரிய ஆய்வில், சிறுவயதில் இவற்றை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாச நோய்கள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. எடுத்ததால்தான் வந்தது என்று அது நிரூபிக்கவில்லை, ஏற்கனவே சளி பிடிக்கும் குழந்தைகளுக்குத்தானே எடுக்கிறோம். ஆனாலும் காரணமில்லாமல் எடுக்கக்கூடாது என்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன். அதையும் அவரிடம் சொன்னேன்.

அறுவை சிகிச்சை அறையில்

முழு மயக்கம், அரை மணி நேரத்துக்கு உட்பட்ட வேலை. முன்பே கேட்டவை: குடும்பத்தில் இரத்தம் நிற்காத கோளாறு உண்டா, பல் பிடுங்கியபோது அதிகம் வழிந்ததா, இரு வாரத்துக்குள் காய்ச்சலோடு சளி பிடித்ததா, ஆடும் பல் இருக்கிறதா. காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுவது நல்லது.

வாய்வழியாகத்தான் எடுக்கிறோம், வெளியே தழும்பு கிடையாது. மயக்கத்தில் அண்ணத்தை விரலால் இன்னொரு முறை தடவிப் பார்த்தேன். மெல்லிய ரப்பர் குழாயை மூக்கு வழியாக விட்டு வாய் வழியாக எடுத்து மென்அண்ணத்தைத் தூக்கிப்பிடித்து, எண்டோஸ்கோப் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே குறைந்த சூட்டில் திசுவைக் கரைக்கும் கோப்ளேஷன் கருவியால் சதையை நீக்கினோம். முன்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கியூரெட்டால் சுரண்டுவார்கள். கவனமானவர்கள் கையில் அதுவும் நல்ல முறைதான், ஆனால் பின்வாசலை ஒட்டி மேலே ஒரு துண்டு தங்கிப் பிறகு வளரும் வாய்ப்பு அதில் அதிகம். பக்கச்சுவரில் குழாயின் வாயைச் சுற்றியுள்ள மேட்டைத் தொடாமல் இருப்பது இந்த அறுவையின் கண். அங்கே சூடு பட்டால் தழும்பு விழுந்து, எதைக் காப்பாற்ற வந்தோமோ அதே குழாய் சுருங்கிவிடும்.

காதில் செவிப்பறையின் முன்கீழ்ப் பகுதியில் சிறு கீறல். வலப்பக்கம் உறிஞ்சியபோது கெட்டியான, நூல்போல இழுபடும் பசை வந்தது. இடப்பக்கம் நீர்த்த திரவம். இரண்டிலும் கிராமெட் வைத்தோம்.

அடினாய்டு நோயை முதன்முதல் தெளிவாக விவரித்தவர் 1868இல் கோபன்ஹேகனின் வில்ஹெல்ம் மேயர். வாயைத் திறந்தபடி இருக்கும், மந்தமாகக் கேட்கும், மூக்கடைத்துப் பேசும் ஒரு நோயாளியிடம் மூக்கின் பின்னால் விரலை விட்டுத் தேடி, இந்தத் திசுவைக் கண்டார். இந்த மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று அவர் கோத்ததுதான் பெரிய விஷயம். நாம் இன்றும் அதே மூன்றைத்தான் கேட்கிறோம்.

வீட்டுக்குப் போன பிறகு

அன்று மாலையே வீடு. வலிக்குப் பாராசிட்டமால், கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வீதம் ஆறு மணிக்கு ஒருமுறை. அவள் 18 கிலோ, ஆகவே ஒரு வேளைக்கு 270 மில்லிகிராம். சிரப்புகளின் வலு ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் மில்லிலிட்டரைப் பாட்டிலில் பார்த்து எழுதிக் கொடுத்தோம். கோடீன் கலந்த மருந்து 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது, சில குழந்தைகளின் உடல் அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சை அடக்கிவிடும். ஆஸ்பிரினும் கூடாது.

ஒன்றிரண்டு வாரம் வாயில் கெட்ட நாற்றம் வரும், அது காயம் ஆறுவதன் விளைவு, கிருமி அல்ல. குரல் சில வாரம் மூக்கு வழியாகக் கசிவதுபோல ஒலிக்கலாம், தண்ணீர் ஒரு சொட்டு மூக்கில் வரலாம். அண்ணம் புதிய இடைவெளிக்குப் பழகப் பழகச் சரியாகும். மூன்று மாதம் தாண்டியும் நின்றால் பேச்சுப் பயிற்சியாளரும் அண்ணத்தைப் பார்க்கும் மருத்துவரும் தேவை. மூக்கிலோ வாயிலோ சிவந்த இரத்தம் தொடர்ந்து வந்தாலோ, திரும்பத் திரும்ப விழுங்கிப் பிறகு இரத்த வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனை. இது நூற்றில் ஒருவரைவிடக் குறைவு, ஆனால் தாமதிக்கக்கூடாது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, திருப்ப முடியாமல் வலி நாளுக்கு நாள் கூடினால் அதுவும் அவசரம். மிக அரிதாகக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகள் அழற்சியால் தளர்ந்து விலகும். தசைப்பிடிப்பு என்று தைலம் தடவிக் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அது வேண்டாம்.

குளிக்கலாம். மேல்மட்டத்தில் நீந்தலாம். சோப்பு நீர் மட்டும் காதுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சோப்பு நீர் கிராமெட்டின் சிறு துளைக்குள் எளிதில் நுழைந்துவிடும். ஐந்தாம் மாதத்தில் ஒரு சளிக்குப் பிறகு இடது காதில் நீர் வழிந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்தால் ஒரு வாரத்தில் நின்றது. கிராமெட் இருக்கும் காதில் சீழ் வந்தால் வாய்வழி ஆன்டிபயாடிக்கைவிடக் காதுச் சொட்டே முதல் மருந்து.

தொடர்ந்து பார்த்தவை

ஆறாவது வாரத்தில் கேட்பு இரு பக்கமும் 15 டெசிபல். தாய் சொன்ன முதல் மாற்றம் கேட்பைப் பற்றியது அல்ல, அவள் தன் குரலைக் குறைத்துப் பேசுகிறாள் என்பதுதான். குறட்டை முற்றிலும் நின்றது. "மணி மாமா" தெளிவாக வந்தது.

பகலில் வாய் மட்டும் பாதித் திறந்தேயிருந்தது. பெற்றோருக்கு ஏமாற்றம். இதை முன்பே சொல்லியிருந்தும் ஏமாற்றம்தான். நீண்ட நாள் வாயால் மூச்சுவிட்ட குழந்தைக்கு உதடு மூடும் பழக்கமும் நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கும் பழக்கமும் தளர்ந்து போகின்றன. மேல்தாடை ஏற்கனவே குறுகியிருந்தால் அதை அடினாய்டு நீக்கம் விரித்துவிடாது. பல் சீரமைப்பு மருத்துவரிடம் அனுப்பினோம். மூக்குத் தெளிப்பான் ஒவ்வாமைக்காகத் தொடர்ந்தது.

ஒன்பதாம் மாதத்தில் இடது கிராமெட் தானாக விழுந்து காதுக் குழாயில் கிடந்தது, எடுத்தோம், சவ்வு மூடியிருந்தது. வலது பதின்மூன்றாம் மாதத்தில் விழுந்தது. சிலருக்குச் சவ்வில் ஓட்டை மூடாமல் நின்றுவிடும், ஆகவே விழுந்த பிறகும் பார்க்க வேண்டும். ஒன்றரை ஆண்டில் இடது காது அழுத்தச் சோதனையில் இயல்பான A வகை. வலது C வகை, அதாவது நீர் இல்லை, ஆனால் குழாய் இன்னும் தயங்குகிறது. கேட்பு 15 டெசிபல். அடுத்த சளிக்காலம் முடிந்ததும் வலது காதை மீண்டும் சோதிக்க நாள் குறித்திருக்கிறோம். அதில் கோடு தட்டையாக வந்தால், நீர் மூன்று மாதம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முடிவு.